ராத்திரி இரண்டு மணிப் பயம்: சமாதானமா, மாத்திரையா, காது கொடுப்பதா?

78 வயது அம்மா. அவருடைய தங்கை இறந்து மூன்று வாரமாகிறது. தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, லைட்டைப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். மகன் எழுந்து வந்தால், "எனக்கு நேரம் வந்துடுச்சுப்பா" என்கிறார். இப்படிப்பட்ட வீடுகளில் வழக்கமாக மூன்றில் ஒன்று நடக்கும்: சமாதானம் சொல்வார்கள், தூக்க மாத்திரை கொடுப்பார்கள், அல்லது உட்கார்ந்து கேட்பார்கள்.

மூன்றையும் ஒப்பிடும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறதென்றால் அது இதயக் கோளாறாக இருக்கலாம். வியர்த்து நடுங்கினால், அதுவும் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், உடனே சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் பேச்சை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால் சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால்தான் மீதிப் பேச்சு.

"ஒண்ணும் ஆகாதும்மா, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்பது பாசத்தில் வருகிற வார்த்தைதான். ஆனால் அம்மாவின் காதில் அது "இதை என்கிட்ட பேசாதே" என்று விழுகிறது. அடுத்த ராத்திரி கூப்பிடமாட்டார், இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். சத்தம் அடங்கியதைப் பார்த்து வீட்டில் பயம் போய்விட்டதென்று நினைப்பார்கள். "உங்களுக்கு நூறு வயசு" என்பதும் இதே ரகம். 78 வயதுக்காரருக்குக் கணக்குத் தெரியாதா என்ன?

மாத்திரை விஷயம் வேறு. அல்பிரசோலம் போன்றவை பயத்தை அரை மணியில் மழுப்பிவிடும். ஆனால் வயதான உடம்பில் அவை மெதுவாகத்தான் கரையும். இரண்டு மணிக்குப் போட்டுக்கொண்டவர் நான்கு மணிக்குப் பாத்ரூமுக்கு எழுந்தால் கால் தள்ளாடும், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். மறதியும் குழப்பமும் கூடும். அதனால்தான் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், முதியவர்களுக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்கிவருவது கூடவே கூடாது. பல மாதமாகச் சாப்பிட்டு வருபவருக்கோ, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

காது கொடுப்பதில் மெனக்கெடல் அதிகம், ஆனால் காரணம் வெளியே வருவது இங்கேதான். டியூப்லைட் வேண்டாம், சின்ன பல்பு போதும். நின்றுகொண்டு பேசாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மா முகத்துக்கு நேராக உட்காருங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். "ஏன் பயப்படறீங்க?" என்ற கேள்வி விசாரணை மாதிரி ஒலிக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"நேரம் வந்துடுச்சுன்னு தோணுதாம்மா?"

"ஆமாப்பா."

"அதுல எதை நினைச்சா ரொம்ப பயமா இருக்கு?"

இதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. பத்து விநாடி மௌனமே பெரிதாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். "அவ கடைசியில மூச்சுக்குத் திணறினாளே, ஐசியூல பக்கத்துல யாருமே இல்லையே" என்று வரலாம். இப்போது பயத்துக்கு உருவம் கிடைத்துவிட்டது: சாவு அல்ல, தனியாகத் திணறிச் சாவது. இதற்குப் பதில் உண்டு. மூச்சுத்திணறலைத் தணிக்க மருந்துகள் இருக்கின்றன, அதைப் பார்க்கும் நோய்த்தணிப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். கடைசி நாட்களில் ஐசியூ வேண்டுமா, வீடு வேண்டுமா என்று அம்மாவையே கேட்டு டாக்டரிடம் சொல்லிவைக்கலாம். "ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக மாட்டோம்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாமல் போகலாம். வேறொருவருக்குப் பயம் கொள்ளி யார் போடுவது என்பதாக இருக்கும், இன்னொருவருக்குக் கல்யாணமாகாத மகளைப் பற்றியதாக இருக்கும். கேட்காமல் ஊகிக்க முடியாது.

காது கொடுப்பதிலும் கோளாறு வரும். விடிய விடியப் பேசினால் இரண்டு பேருக்குமே தூக்கம் கெட்டு, நான்காம் நாள் மகன் எரிந்து விழுவார். ராத்திரி இருபது நிமிடம் போதும். "மிச்சத்தைக் காலைல காபி குடிச்சிட்டுப் பேசலாம்மா" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி காலையில் நீங்களே பேச்சை எடுங்கள். மறந்துவிட்டால் அடுத்த ராத்திரி பயம் இரட்டிப்பாகும். கட்டிலருகே அழைப்புமணி ஒன்று வையுங்கள். கூப்பிட்டால் ஆள் வரும் என்று தெரிந்தாலே பலர் கூப்பிடாமல் தூங்கிவிடுவார்கள்.

"சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா தேவல" என்று சொன்னால் மட்டும் கடந்துபோகாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமென்றால் தனியே விடாமல், மாத்திரை டப்பாவையும் பூச்சிமருந்தையும் எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நடுராத்திரியில் யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.