"பையன்கள் தேவை": சொல்லை மாற்றுவதா, வேலையை எழுதுவதா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக்கடைக்கு ஆள் எடுக்கிற பொறுப்பு என்னுடையது. கடைவாசலில் ஒட்டிவந்த தாள் இதுதான்: "குடோனுக்குத் துடிப்பான பையன்கள் தேவை. பில் போட லட்சணமான, கல்யாணமாகாத பெண் தேவை." மாற்ற இரண்டு வழி இருந்தது. தப்பான சொற்களை அடித்துவிட்டு "ஆண், பெண் இருபாலரும் வரலாம்" என்று கடைசியில் சேர்ப்பது ஒன்று. வேலையையே புதிதாக எழுதுவது இன்னொன்று. நான் எடுத்தது இரண்டாவதை.

முதல் வழி சீக்கிரம் முடியும். வரிக்குக் காசு வாங்கும் பத்திரிகைக்குக் கொடுத்தால் செலவும் குறைவு. ஆனால் "இருபாலரும்" என்று எழுதினால் திருநங்கையர் தங்களைக் கூப்பிடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "யாரும் விண்ணப்பிக்கலாம்" போதும்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு. பழைய சொல் பலவற்றுக்குப் பின்னால் முதலாளியின் நிபந்தனை ஒன்று இருக்கிறது. சொல்லை மட்டும் எடுத்தால், தாளில் இல்லாத அந்த நிபந்தனை நேர்காணலில் வந்து ஆளைத் திருப்பி அனுப்பும். அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"பையன்தான் வேணுமாண்ணே?"

"முப்பது கிலோ பண்டலை ரெண்டாம் மாடிக்கு ஏத்தணும்ப்பா."

பண்டலைத் தராசில் வைத்தோம். 18 கிலோ. அதைத்தான் எழுதினேன். எடையைக் கூட்டி எழுதினால், "ஆண்கள் மட்டும்" என்று எழுதாமலே பெண்களை வடிகட்டிவிடலாம். நிஜமாகவே நிறுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். "கல்யாணமாகாத" என்பதற்குக் காரணம், தீபாவளி மாதம் இரவு எட்டு வரை இருக்க வேண்டியிருக்கும் என்பது. அது நேரமாக மாறியது. "லட்சணம்" எதற்கு என்று கேட்டால் பதிலில்லை. அந்தச் சொல் போனது.

இப்போது தாளில் இருப்பது: "குடோன் உதவியாளர்: 18 கிலோ பண்டலை இரண்டாம் மாடிக்கு ஏற்ற வேண்டும். பில் போடுபவர்: கம்ப்யூட்டரில் பில் போடத் தெரிய வேண்டும், காலை 10 முதல் இரவு 7 வரை, தீபாவளி மாதம் 8 வரை. யாரும் விண்ணப்பிக்கலாம்." கீழே இரண்டு வேலைக்கும் சம்பளம்.

"நாள் முழுக்க நிற்க வேண்டும்" என்று சேர்க்கச் சொன்னார்கள். மறுத்தேன். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்பதோ 1976-இன் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது.

கடை வேலைக்குத்தான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பெண்கள் விடுதிக் காப்பாளர் போன்ற வேலைகளில் பாலினத்துக்கே நியாயமான காரணம் இருக்கலாம். அங்கே அந்தக் காரணத்தையும் சேர்த்தே எழுதுவது நல்லது. பத்திரிகையில் இரண்டு வரிக்குத்தான் இடம் என்றால் எடை, நேரம், சம்பளம் மூன்றையும் விடாமல் மற்றதைச் சுருக்குங்கள்.