பாகலுக்குக் கல்பந்தலா, நிமிர்ந்த வலையா?

கல்தூண் நட்டு மேலே கம்பி கட்டிய கல்பந்தல் என்றால் கொடி ஆறடி ஏறும்வரை பக்கக் கிளை எதையும் விடக்கூடாது. இலைக்காம்பின் இடுக்கில் விரல் நீளத்துக்கு முளைக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் நாலாபக்கமும் படரும்; பெண்பூ அவற்றில்தான் அதிகம். காய் தொங்கி நேராக வளரும். ஆனால் பந்தல் அடர்ந்தால் அடியில் இலை மஞ்சளாகும், பூ உதிரும்.

வலையில் முதல் பத்துக் கணு வரை மட்டும் கிளைகளை எடுத்தால் போதும். மேலே வருவதை வலையில் கோத்துவிட்டு, உச்சியை எட்டியதும் நுனியைக் கிள்ளலாம். இருபுறமும் வெயில் படும், காயில் பழ ஈ போட்ட துளை சட்டென்று கண்ணில் படும். பலத்த காற்றுக்குத்தான் தாங்காது.

வீட்டுத்தோட்டத்துக்கு வலை, ஏக்கர் கணக்கில், பல வருடம் என்றால் பந்தல்.