மறுப்பு எங்கே விழுகிறது? பட்டியலும் வாத மரமும்

விவாதப் போட்டிக்குத் தயாராக நெடுநாள் நான் நம்பியிருந்தது நடுவில் கோடு கிழித்த தாளைத்தான்: இடப்பக்கம் சாதகம், வலப்பக்கம் பாதகம். இப்போது மரத்துக்கு மாறிவிட்டேன். உச்சியில் நிலைப்பாடு, அதன்கீழ் காரணங்கள், காரணத்தின்கீழ் மறுப்பு, மறுப்பின்கீழ் பதில். பட்டியலை விரைவாக எழுதிவிடலாம், மரம் தாளை விழுங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் மாறியது வேறொன்றுக்காக. மறுப்பு எதன்மீது விழுகிறது என்பதைப் பட்டியல் காட்டுவதில்லை.

‘தொடக்கப் பள்ளியில் வீட்டுப்பாடம் கூடாது’ என்பது எங்கள் அணியின் நிலைப்பாடு. காரணம், ‘வீட்டுப்பாடம் குழந்தைகளின் தூக்கத்தைக் குறைக்கிறது.’ எதிரணி இரண்டு மறுப்புகளை வைத்தது. ‘தூக்கத்தைக் கெடுப்பது கைப்பேசி, வீட்டுப்பாடம் அல்ல’ என்பது ஒன்று. ‘தூக்கம் குறைந்தாலும் அளவைக் குறைத்தால் போதுமே, ஏன் நிறுத்த வேண்டும்?’ என்பது மற்றொன்று. என் பட்டியலில் இவை அடுத்தடுத்த வரிகளில், ஒரே சாயலில் இருந்தன. இரண்டுக்கும் தூக்கம் பற்றிய தரவுகளையே பதிலாகச் சொன்னேன். இரண்டாவது மறுப்பு கீறல்கூட விழாமல் நின்றது.

அதையே பிறகு மரமாக வரைந்தேன். நிலைப்பாட்டில் ‘கூடாது’ என்று இருக்கிறது. காரணத்தில் அந்தச் சொல்லே இல்லை. அப்படியானால் சொல்லாமல் விட்ட இன்னொரு கூற்று நடுவில் இருக்கிறது என்று பொருள்: ‘தூக்கத்தைக் குறைக்கும் எதையும் பள்ளி கொடுக்கக் கூடாது.’ அதைக் காரணத்துக்குப் பக்கத்தில் தனிக் கட்டமாக எழுதியதும் குழப்பம் தெளிந்தது. முதல் மறுப்பு தூக்கக் கட்டத்தின்கீழ் தொங்கியது. அதற்குச் சான்று வேண்டும். இரண்டாவது மறைந்திருந்த கட்டத்தின்கீழ் போனது. தூக்கம் குறைவதை அது ஒப்புக்கொள்வதால் தரவு அங்கே வீண். ‘ஒரு குழந்தை பத்து நிமிடத்தில் முடிப்பது இன்னொரு குழந்தைக்கு ஒரு மணி நேரம் ஆகும், எல்லோருக்கும் பொருந்தும் அளவை வைக்க முடியாது’ என்பது போன்ற பதில்தான் அங்கே பொருந்தும். கூடவே, ‘எதையும்’ என்ற சொல் தாங்காது என்பதும் கண்ணில் பட்டது. பள்ளிச் சுற்றுலாவுக்கு விடியற்காலையில் எழுப்பினாலும் தூக்கம் குறையத்தானே செய்யும்!

கட்டத்துக்குள் ‘தூக்கம்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதினால் இந்தப் பயன் எதுவும் கிடைக்காது. முழு வாக்கியம் வேண்டும். காரணத்தை ‘ஏனென்றால்’ சேர்த்து வாசித்துப் பார்ப்பேன். இடறினால் அது தவறான கிளையில் இருக்கிறது.

மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் முன்வைத்த, வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரிக்கும் அமைப்பும் இந்த மறைந்த இணைப்பைக் கேட்டு வாங்கும். ஆனால் பதிலுக்கு எதிர்ப்பதில் என்று நீளும்போது அதில் எனக்கு இடம் போதவில்லை. இரண்டே தலைப்புகளில் முயன்றவன் நான். பழகியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

தலைப்பைத் தந்து பதினைந்து நிமிடத்தில் மேடையேற்றும் போட்டிகளில் முழு மரத்தை என்னால் வரைய முடிந்ததில்லை. அங்கே இன்னும் பட்டியல்தான். மிக வலுவான ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் ஓரத்தில் அந்த மறைந்த கட்டத்தை எழுதிக்கொள்கிறேன்.