05/06 எந்த நாள்? வெளிநாட்டு மின்னஞ்சலில் தேதி, நேரம், தொகை எழுதும் முறைகள்: ஓர் ஒப்பீடு

`05/06/2026` என்று ஒரு சப்ளையருக்கு எழுதுகிறீர்கள். லண்டனில் இருப்பவர் ஜூன் 5 என்று படிப்பார். நியூயார்க்கில் இருப்பவர் மே 6 என்று படிப்பார். இருவருக்கும் சந்தேகமே வராது, அதனால் யாரும் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். ஆண்டுக்கு 132 நாட்கள் இந்தச் சிக்கலில் மாட்டுகின்றன. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்களை மாற்றிப் படிக்க முடியும். அதில் 05/05 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் ஒரு நாளைக் கழித்தால், மாதத்துக்குப் பதினொன்று.

மாற்று வழிகள் இரண்டு. ஒன்று, ஐ.எஸ்.ஓ. 8601 தரம் சொல்லும் முறை. ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும். இன்னொன்று, மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்ப்பது.

```
2026-06-05
Friday, 5 June 2026
```

மின்னஞ்சலின் உடலில் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். காரணம் கிழமை. 2026 ஜூன் 5 வெள்ளிக்கிழமை, மே 6 புதன்கிழமை. எழுதுபவர் கைதவறி ஓர் எண்ணை மாற்றித் தட்டினாலும் கிழமை பொருந்தாமல் போய்விடும். படிப்பவர் உடனே கேட்பார். ஐ.எஸ்.ஓ. வடிவத்தில் அந்தச் சோதனை கிடையாது. `2026-06-05` என்பதை `2026-06-08` என்று தவறாக அடித்தால் அது குறையற்ற இன்னொரு தேதியாகவே நிற்கும்.

இணைப்புக் கோப்பின் பெயரிலும் அட்டவணையிலும் நிலைமை வேறு. அங்கே ஐ.எஸ்.ஓ.தான். பெயர் வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும். எக்செல் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சாய்கோடு போட்ட தேதிகளை, அமெரிக்க அமைப்பு வைத்த கணினியில் ஒட்டினால் `05/06/2026` ஓசையின்றி மே 6 ஆகிவிடும். ஆனால் `13/06/2026` தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். தேதிகள் இயல்பாகச் செல்லின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். ஆகவே ஒரே பத்தியில் சில தேதிகள் வலமும் சில இடமும் நின்றால், இடப்பக்கத்தவற்றைத் திருத்தி முடித்ததும் வேலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். வலப்பக்கம் ஒழுங்காகத் தெரிபவைதான் மாறிப்போனவை.

நேரத்துக்கு வருவோம். இங்கே போட்டி மூன்று பேருக்குள்: சுருக்கெழுத்து, உலகப் பொது நேரமான யுடிசியோடு உள்ள வித்தியாசம், ஊர்ப் பெயர்.

சுருக்கெழுத்தை நான் அடியோடு விட்டுவிடச் சொல்வேன். `IST` இந்திய நேரமாகவும் அயர்லாந்தின் கோடை நேரமாகவும் இஸ்ரேல் நேரமாகவும் இருக்கலாம். `CST` அமெரிக்காவின் மத்தியப் பகுதிக்கும் சீனாவுக்கும் பொது. இவற்றைவிட அடிக்கடி நடக்கும் தவறு `EST`. கண்டிப்பாகப் பார்த்தால் அது குளிர்கால நேரம், யுடிசிக்கு 5 மணி பின்னால். கோடையில் நியூயார்க் `EDT`க்கு மாறி 4 மணிதான் பின்னால் இருக்கும். பலர் ஜூலையிலும் பழக்கத்தில் `EST` என்றே எழுதுகிறார்கள். எழுத்துக்கு எழுத்து நம்பி மாற்றிப் பார்ப்பவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேருவார்.

மிச்சம் இரண்டில் எது என்பது கூட்டத்தைப் பொறுத்தது. ஒரே ஒரு முறை நடக்கும் அழைப்புக்கோ, விலைப்புள்ளி அனுப்பக் கடைசி நேரத்துக்கோ யுடிசி வித்தியாசம் போதும். அதோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துவிட்டால் இன்னும் தெளிவு:

```
Friday, 5 June 2026, 14:00 London (UTC+01:00)
```

வாரா வாரம் நடக்கும் கூட்டத்துக்கு யுடிசி மட்டும் சரிவராது. லண்டன், நியூயார்க், சிங்கப்பூர் மூன்றும் சேரும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். லண்டன் நேரம் 14:00 என்று முடிவாகிறது. 2026 மார்ச் தொடக்கத்தில் அது நியூயார்க்கில் 9:00, சிங்கப்பூரில் 22:00. மார்ச் 8 அன்று அமெரிக்கா கடிகாரத்தை முன்னே தள்ளியதும் நியூயார்க்கில் கூட்டம் 10:00 ஆகிவிடும். மார்ச் 29 அன்று பிரிட்டனும் தள்ளியதும் நியூயார்க் 9:00க்குத் திரும்பும், ஆனால் இப்போது சிங்கப்பூர் 21:00க்கு நகரும். இலையுதிர் காலத்திலும் இதே ஆட்டம் உண்டு. பிரிட்டன் அக்டோபர் 25 அன்று மாற்றும், அமெரிக்கா நவம்பர் 1 அன்று மாற்றும். ஆகவே தொடர் கூட்டத்துக்கு எந்த ஊர்க் கடிகாரம் அசையாமல் நிற்கிறது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். கடிகாரம் மாறும் வாரங்களுக்கு முன்பு மற்ற ஊர்களின் நேரத்தைத் தனியாக நினைவூட்ட வேண்டும்.

கடைசித் தேதியை நள்ளிரவு 12 என்று வைப்பதையும் தவிருங்கள். வெள்ளி நள்ளிரவு என்றால் வெள்ளி தொடங்கும் நேரமா, முடியும் நேரமா? `23:59` என்றால் கேள்வியே இல்லை. `EOD` என்பதிலும் யாருடைய நாள் முடிவு என்பது தெரியாது.

தொகையில் சிக்கலின் மையம் ஒரே ஒரு வடிவம்தான்: ஒரு பிரிப்புக் குறி, அதற்குப் பின் மூன்று இலக்கம். `1.250` ஜெர்மனியில் ஆயிரத்து இருநூற்றைம்பது. அமெரிக்காவில் ஒன்றேகால். `1,250` என்று எழுதினால் இந்த அர்த்தங்கள் இடம் மாறும். இதற்கு நல்ல மருந்து, பைசா இலக்கம் இரண்டையும் எப்போதும் எழுதுவது. `1,250.00` என்றால் இரண்டு குறியும் கண்முன் இருக்கும், எது எதற்கு என்று எந்த நாட்டாரும் ஊகித்துவிடுவார். இதற்கு ஒரு விலக்கு உண்டு. குவைத், பஹ்ரைன் தினார்களும் ஓமன் ரியாலும் மூன்று தசம இலக்கம் கொண்டவை. `KWD 1.250` அங்கே உண்மையிலேயே ஒன்றேகால் தினார். அந்த நாணயங்களில் பேசும்போது தொகையை எழுத்திலும் எழுதிவிடுவது நல்லது.

`$` குறியைவிட `USD`, `SGD`, `AUD` என்ற மூன்றெழுத்துக் குறியீடு எல்லா வகையிலும் மேல். இந்திய முறையில் `12,50,000` என்று பிரித்தால் வெளிநாட்டார் ஓர் இலக்கம் விட்டுப்போனதாக நினைப்பார். ரூபாய் என்றாலும் அவருக்கு `INR 1,250,000.00` என்றே அனுப்புங்கள். `M` என்ற சுருக்கமும் ஆபத்தானது. நிதித்துறையில் சிலருக்கு அது மில்லியன், சிலருக்கு ஆயிரம்.

அலகுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். டன் என்பது அமெரிக்க வழக்கில் ஏறத்தாழ 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் வழக்கில் 1016 கிலோ, மெட்ரிக்கில் 1000 கிலோ. 20 டன் ஆர்டரில் அமெரிக்க டன்னுக்கும் மெட்ரிக் டன்னுக்கும் 1,800 கிலோவுக்கு மேல் இடிக்கும். `20,000 kg` என்று எழுதினால் மூவரும் ஒரே எடையைத்தான் ஏற்றுவார்கள்.

குழப்பமான தேதி உங்களுக்கு வந்தால், தேதி சரிதானா என்று கேட்டு எழுதாதீர்கள். அவர் தன் வாசிப்பில் சரி என்றே பதில் போடுவார். இப்படிக் கேளுங்கள்:

```
Do you mean Friday, 5 June or Wednesday, 6 May?
```