தேதி மாறவில்லை, வினைமுற்று மாறியது: ஓர் அச்சகத்திடம் ஏமாந்த அனுபவம்

ஆய்வரங்கம் ஒன்றிற்கான கட்டுரைத் தொகுப்பை அச்சிடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அரங்கம் 20ஆம் தேதி. நூல் 12ஆம் தேதி கைக்கு வருவதாகப் பேச்சு. வந்து சேர்ந்ததோ 23ஆம் தேதி, அதாவது எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு. தாமதம் எந்த அச்சகத்திலும் நேரக்கூடியது என்பதால், அதைப் பற்றி மட்டும் சொல்வதற்கு இந்தப் பதிவு தேவையில்லை. தாமதமாகும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தும், அதை எனக்குத் தெரியாதபடி சொல்லிக்கொண்டே வந்தார்கள் என்பதுதான் என் புகார். அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தபோதுதான் அது எப்படி நடந்தது என்று விளங்கியது.

மதிப்பீட்டுக் கடிதத்தில் இருந்த வாசகம் இது: “300 பிரதிகள் 12ஆம் தேதி வழங்கப்படும்.” 3ஆம் தேதி நான் விசாரித்தபோது, “12ஆம் தேதி வந்துவிடும், கவலை வேண்டாம்” என்று பதில் வந்தது. 8ஆம் தேதி, “எல்லாம் சரியாக நடந்தால் 12ஆம் தேதி வந்துவிட வேண்டும்” என்றார்கள். 10ஆம் தேதி, “அநேகமாக 12 வாக்கில் எதிர்பார்க்கலாம்.” 12ஆம் தேதி காலையில், “இன்றோ நாளையோ வர வாய்ப்பிருக்கிறது.”

முதல் நான்கு செய்திகளிலும் 12 என்ற எண் அப்படியே இருந்தது, ஐந்தாவதில் இருந்த ‘இன்று’ம் அதே 12தான். என் கண் அந்த எண்ணின் மேலேயே இருந்ததால், அதன் பின்னால் வினைச்சொல் படிப்படியாக இளகிக்கொண்டே போனதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ‘வழங்கப்படும்’ என்று தொடங்கிய வாக்குறுதி ‘வாய்ப்பிருக்கிறது’ என்ற ஆருடமாக முடிந்திருந்தது. பிறகு நான் சண்டைக்குப் போனபோது அச்சகத்தின் வாடிக்கையாளர் பொறுப்பாளர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது: “சார், நாங்கள் வந்துவிட வேண்டும் என்றுதானே சொன்னோம்? வந்துவிடும் என்று சொல்லவில்லையே?” மதிப்பீட்டுக் கடிதத்தையும் 3ஆம் தேதிச் செய்தியையும் அவர் வசதியாக மறந்துவிட்டார் என்பதை ஒதுக்கிவைத்தாலும், அந்த வேறுபாடு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பது அதிலிருந்து புலப்பட்டது.

8ஆம் தேதிச் செய்தியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். ‘வந்துவிட வேண்டும்’ என்பதற்குத் தமிழில் குறைந்தது மூன்று பொருள் உண்டு. ‘கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் கடமை’ என்பது ஒன்று. ‘எங்கள் கணக்குப்படி அன்றைக்கு வரும்’ என்பது இன்னொன்று. ‘வந்தால் நன்றாக இருக்கும்’ என்ற ஆசை மூன்றாவது. வேண்டுதல் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நான் முதல் பொருளில் படித்தேன், அவர்கள் மூன்றாவது பொருளில் எழுதினார்கள். பிற்பாடு அச்சுப்பிரிவில் இருந்த ஒருவர் சொல்லித் தெரிந்தது, 8ஆம் தேதியன்று தாளே வந்து சேரவில்லை. 240 பக்க நூல் என்றால் 16 பக்கத்துக்கு ஒரு பாரம் வீதம் 15 பாரங்கள். அவற்றை அச்சிட்டு, மை உலரவிட்டு, மடித்து, அடுக்கி, நூல் தைத்து, அட்டை ஒட்டி, காய்ந்த பின் ஓரம் வெட்ட வேண்டும். தைக்கும் வேலை வெளியே ஒரு நூற்கட்டுக் கூடத்தில் நடப்பது. தாள் 9ஆம் தேதிதான் வந்தது. மூன்று நாளில் இத்தனையும் முடியாது என்பது அந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். ‘எல்லாம் சரியாக நடந்தால்’ என்ற முன்னொட்டில் அந்த உண்மை முழுவதும் ஒளிந்திருந்தது. அன்றைக்கே ‘தாள் வரவில்லை’ என்று இரண்டு சொல் எழுதியிருந்தால், அரங்கத்திற்குக் கட்டுரைச் சுருக்கங்களையாவது தனியாக நகலெடுத்துக் கொடுத்திருப்பேன்.

‘எதிர்பார்க்கலாம்’ என்பதும் அப்படித்தான். உற்றுப் பார்த்தால், அது எனக்கு அளிக்கப்பட்ட அனுமதி மட்டுமே. நான் எதிர்பார்த்துக்கொள்ளலாம், அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் எதையும் செய்வதாகச் சொல்லவில்லை. இன்னும் பின்னோக்கிப் போனால், முதல் கடிதத்தின் ‘வழங்கப்படும்’கூட நான் நினைத்த அளவுக்குக் கெட்டியானதல்ல. யார் வழங்குவார் என்று அதில் இல்லை. ‘நாங்கள் வழங்குவோம்’ என்று எழுதினால் எழுதியவர் மாட்டிக்கொள்வார். செயப்பாட்டு வினையில் நூல் தானாக நடந்து வந்துவிடுவதுபோல் ஒரு தோற்றம் கிடைக்கிறது.

இங்கே என் பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அச்சகத்தின் உள்விவகாரம் பிறகு தெரிந்தபோது, நூற்கட்டுக் கூடத்துக்காரர் ஆரம்பத்திலேயே “தாள் நேரத்துக்கு வந்தால் அநேகமாக 12 வாக்கில் முடியும்” என்றுதான் சொல்லியிருக்கிறார் என்று அறிந்தேன். அதை அச்சுப்பிரிவினர் வாடிக்கையாளர் பொறுப்பாளரிடம் ‘12 வாக்கில் முடியும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பாளர் எனக்கு ‘12ஆம் தேதி வழங்கப்படும்’ என்று எழுதினார். நான் அரங்கக் குழுவினருக்கு ‘12ஆம் தேதி நூல் வருகிறது’ என்று நிகழ்காலத்திலேயே எழுதிவிட்டேன். கை மாற மாற நிபந்தனைகளை உதிர்த்துக்கொண்டே வந்திருக்கிறோம்: முதலில் தாளும் ‘அநேகமாக’வும் போயின, பிறகு ‘வாக்கில்’ போயிற்று, கடைசியில் எதிர்காலமே போயிற்று. நால்வரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்று வாதிடலாம். ஆனாலும் கடைசியில் படித்தவருக்குக் கிடைத்தது பொய்தான்.

‘அநேகமாக’ என்ற சொல் உதிர்வதில் இன்னொரு கேடும் இருக்கிறது. தாள் வருதல், அச்சு, தைப்பு, அட்டையும் வெட்டும் என்று இந்த வேலையை நான்கு கட்டங்களாகக் கொள்வோம். ஒவ்வொரு கட்டத்துக்காரரும் ‘அநேகமாக நேரத்துக்கு முடிப்பேன்’ என்கிறார், அதை 10க்கு 8 என்று வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கு எல்லோருமே ‘அநேகமாக’ என்பதால், மொத்தமும் ‘அநேகமாக’ முடியும் என்றுதான் தோன்றும். கணக்கு அப்படி இல்லை. ஒன்றின் தாமதம் இன்னொன்றைச் சாராதது என்று கொண்டால், 0.8ஐ நான்கு முறை பெருக்க 0.41 வருகிறது, நான்கும் நேரத்தில் முடிய வாய்ப்பு 10க்கு 4 மட்டுமே. நடுவில் ஓரிரு நாள் உபரி வைத்திருந்தால் ஒரு கட்டத்தின் தாமதத்தை அது விழுங்கிக்கொள்ளும், ஆகவே எல்லா வேலைக்கும் இந்தக் கணக்கு இவ்வளவு கடுமையாகப் பொருந்தாது. இவர்களுடைய அட்டவணையில் உபரி என்று ஒரு நாள்கூட இல்லை. நான் வைத்திருந்த எட்டு நாள் உபரியையும், எனக்குச் சொல்லாமலேயே அவர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சொற்களுக்கு ஆளுக்கு ஆள் பொருள் மாறும் என்பது நம் மொழிக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. 1951இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டு அறிக்கை ஒன்று, யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழ்வதற்குக் ‘கருத்தில் கொள்ளத்தக்க சாத்தியம்’ இருப்பதாகச் சொன்னது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கெண்டிடம், அப்படியென்றால் எவ்வளவு என்று ஓர் அதிகாரி கேட்டபோது, தன் மனத்தில் இருந்தது 65க்கு 35 என்றார். கேட்டவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்ததால் திடுக்கிட்டார். கெண்ட் திரும்பிப் போய், அதே வாசகத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்த சகாக்களைக் கேட்டுப் பார்த்தால், ஒருவர் 80க்கு 20 என்கிறார், இன்னொருவர் 20க்கு 80 என்கிறார். எல்லோரும் ஒரே சொல்லில் உடன்பட்டிருந்தார்கள், எதில் உடன்பட்டோம் என்றுதான் தெரியவில்லை. பின்னாளில், 1964இல் எழுதிய கட்டுரையில், ‘அநேகமாக’ என்பதற்கு நிகரான சொல்லுக்குச் சுமார் 75 சதவீதம், கூடக்குறைய 12 என்று அவர் ஓர் எல்லை வகுத்தார். அச்சகத்தாரிடம் அந்த எண்களைக் காட்டிப் பயனில்லை. ஆனால் கேள்வியை நாமே கேட்கலாம்.

நான் இப்போது கேட்பது இது: “இப்படிப்பட்ட வேலைக்கு 10 முறை இதே தேதியைச் சொல்லியிருந்தால், எத்தனை முறை அன்றைக்குக் கொடுத்திருப்பீர்கள்?” ‘நிச்சயமாக வரும்’ என்று சொன்னவர்கள்கூட இந்தக் கேள்விக்குச் சற்று யோசித்து “ஒரு ஆறு முறை” என்கிறார்கள். அவர்கள் முதலில் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. வாடிக்கையாளருக்கு மறுப்புச் சொல்ல மனமில்லாத பழக்கத்தில் வாய் ‘வரும்’ என்கிறது, எண் கேட்டால்தான் நினைவு வேலை செய்கிறது. எதற்கும் உறுதி சொல்லாமல் எல்லாவற்றுக்கும் ‘பார்க்கலாம்’, ‘இருக்கலாம்’ என்று சொல்பவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். தாள் கிடங்கில் இருக்கிறது, இயந்திரம் காலியாக இருக்கிறது, அப்போதும் ‘வரலாம்’ என்கிறார் என்றால் அவர் பணிவாகப் பேசவில்லை. தவறினால் தப்பித்துக்கொள்ள வழி வைக்கிறார். அவருடைய ‘வரலாம்’ எப்போது உண்மையான எச்சரிக்கை என்று நம்மால் கண்டுபிடிக்கவே முடியாது.

கூடவே, செய்திகளைச் சேர்த்து வைத்து வினைச்சொல்லை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேதி அப்படியே இருக்க, ‘வரும்’ என்பது ‘வர வேண்டும்’ ஆனால், அன்றைக்கே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். உடனே அழைத்து, “நேற்றுவரை வரும் என்றீர்கள், இன்று வர வேண்டும் என்கிறீர்கள், இடையில் என்ன ஆயிற்று?” என்று கேளுங்கள். 8ஆம் தேதி நான் இதைக் கேட்டிருந்தால் தாள் விஷயம் வெளியே வந்திருக்கும்.

அடுத்த தொகுப்பை வேறோர் அச்சகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த அம்மாள் எழுதித் தந்தது இவ்வளவுதான்: “18ஆம் தேதி நாங்கள் கொடுப்போம். 15ஆம் தேதி கொடுக்க முடிவது பாதிக்குப் பாதி. 9ஆம் தேதிக்குள் தாள் வராவிட்டால் அன்றே உங்களுக்குச் சொல்வோம்.” 9ஆம் தேதி மாலை தொலைபேசி வந்தது. தாள் வரவில்லை, 15ஐ மறந்துவிடுங்கள், 18 மாறவில்லை என்றார். நான் குழுவினருக்கு அதை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே அனுப்பினேன்.