ஒரே தடித்த கயிறா, நான்கு மெல்லிய கயிறுகளா?

ஆளோடு சேர்த்து 1200 கிலோ உள்ள லிஃப்ட் 1.2 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்புகிறது. கயிற்றின் சொந்த எடையை விட்டுவிட்டால், இழுவிசை T = m(g + a) = 1200 × (9.8 + 1.2) = 13,200 நியூட்டன். நிற்கும்போது 11,760 தான். எப்போதும் பெரிய எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள்.

பாதுகாப்புக் காரணி 12 என்றால் கயிறு 1,58,400 நியூட்டன் வரை அறுபடாமல் தாங்க வேண்டும்.

இதற்கு 18 மி.மீ. ஒற்றைக் கயிறு போதும் என்று வைத்துக்கொள்வோம். கப்பியின் விட்டம் கயிற்றைப் போல 40 மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 720 மி.மீ. சிறிய கப்பியில் வளைந்து வளைந்து கம்பி இழைகள் களைத்து அறும்.

அதே உலோகப் பரப்பை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 9 மி.மீ., கப்பி 360 மி.மீ. போதும். ஒன்று அறுந்தாலும் மீதி மூன்றில் காரணி 9 இருக்கும். ஒற்றைக் கயிறு அறுந்தால் எதுவும் மிஞ்சாது. அதனால் என் தேர்வு நான்குதான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கயிறு தொய்ந்தால் மற்ற மூன்றும் 3,300க்குப் பதில் 4,400 நியூட்டன் சுமக்கும், சீக்கிரம் தேயும். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே விசையால் தள்ளிப் பாருங்கள். அதிகம் வளைவதுதான் தொய்ந்தது.