லால் குடும்பத்தை மனதில் வைக்க மூன்று வழிகள்

பீட்டா ஏற்பிகளை அடைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளின் வகுப்பு முடிந்ததும், நோட்டில் 'லால்' என்று முடியும் ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றை மனதில் நிறுத்த மாணவர்களிடையே மூன்று வழிகள் புழங்குகின்றன. ஒரே கேள்வியை வைத்து மூன்றையும் உரசிப் பார்க்கலாம். ஆஞ்சைனா உள்ளவருக்கு பீட்டா பிளாக்கர் தேவைப்படுகிறது, ஆனால் லேசான ஆஸ்துமாவும் இருக்கிறது. ப்ரோப்ரனோலால், நாடோலால், கார்வெடிலால், மெட்டோப்ரோலால்: இவற்றில் எது?

முதல் வழி, பெயரின் வாலைப் பிடிப்பது. நான்குமே லால்தான், ஆகவே குடும்பம் தெரிந்துவிடுகிறது. எது என்பது தெரியவில்லை. ஆனால் லாலுக்கு முன்னால் உள்ள உயிரொலியையும் கவனித்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ப்ரோப்ரனோலாலில் 'ஓ'. கார்வெடிலாலில் 'இ', லபெட்டலாலில் 'அ'. ஒலி மாறிய இந்த இரண்டும் ஆல்பா ஏற்பியையும் சேர்த்து அடைப்பவை. சோட்டலால் மட்டும் இதில் ஏமாற்றும்: ஒலி 'அ', ஆல்பா வேலை கிடையாது.

அடுத்தது ஆங்கில அகர வரிசை. பெயர் ஏ முதல் எம் வரையுள்ள எழுத்தில் தொடங்கினால் பீட்டா 1 ஏற்பியை மட்டும் குறிவைப்பது. என் முதல் இசட் வரை என்றால் பீட்டா 1, 2 இரண்டையும் அடைப்பது. அட்டெனோலால், பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் எல்லாம் அழகாகப் பொருந்தும். பரீட்சை அவசரத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் நம் கேள்வியில் இந்த விதி மெட்டோப்ரோலாலோடு கார்வெடிலாலையும் உள்ளே விட்டுவிடுகிறது. 'சி' முன்பாதி எழுத்துதானே! லபெட்டலாலும் அப்படியே. நெபிவோலால் தலைகீழ்: 'என்' எழுத்தில் தொடங்கினாலும் பீட்டா 1-ஐக் குறிவைப்பது. இந்தத் தவறுகளின் கனம் ஒன்றல்ல. நெபிவோலாலை ஒதுக்கினால் ஒரு மதிப்பெண்தான் போகும். கார்வெடிலாலை ஆஸ்துமாக்காரருக்கு எழுதினால் மூச்சுக்குழல் இறுகும். அதனால் அட்டையில் விதிக்குக் கீழேயே இந்த மூன்று பெயர்களையும் சிவப்பு மையில் எழுதிவிடுவது நல்லது. விதிவிலக்குக்கு இன்னொரு சூத்திரம் கட்டினால், அப்புறம் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, 'இதயம் ஒன்று, நுரையீரல் இரண்டு'. பீட்டா 1 முக்கியமாக இதயத்தில், பீட்டா 2 நுரையீரலில். இது எந்த மருந்தின் பெயரையும் சொல்லாது, ஆகவே தனியாக வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விதான் தீரும். ஆனால் ஏன் என்பதைச் சொல்வது இது மட்டும்தான். மூச்சுக்குழலைத் தளர்த்துவது பீட்டா 2. அதை அடைத்தால் இழுப்பு வரும். ப்ரோப்ரனோலால், நாடோலால், கார்வெடிலால் மூன்றும் இந்தக் காரணத்தாலேயே விழுகின்றன, மெட்டோப்ரோலால் நிற்கிறது.

சரி, வாய்மொழித் தேர்வில் இப்படி ஒரு கிளைக்கேள்வி வரும்: "மெட்டோப்ரோலால் டோஸை ஏற்றிக்கொண்டே போனால்?" வாலும் அகர வரிசையும் இங்கே வாயைத் திறக்காது. நுரையீரல் இரண்டு என்று பிடித்தவர் சொல்லிவிடுவார்: டோஸ் ஏற ஏற மருந்து பீட்டா 2-இலும் போய் ஒட்டும், ஆகவே குறைந்த டோஸில் தொடங்கி மூச்சைக் கவனிக்க வேண்டும்.